கிருஷ்ணசுவாமி கண்ட நோய்

பர்மாவுக்குக் கப்பலேறிய தமிழர்களைப் பற்றி நம்மிடம் கதைகள் நிறைய உண்டு. வட்டிக்கடை வைத்த செட்டியார்கள், அரிசி ஆலைகளிலும் துறைமுகத்திலும் மூட்டை சுமந்தவர்கள், 1942-இல் காடும் மலையும் கடந்து நடந்தே திரும்பியவர்கள் என்று அந்த நினைவுகள் நமது நாவல்களிலும் குடும்பங்களிலும் தங்கியிருக்கின்றன. அதே ரங்கூனில், அதே காலத்தில், ஒரு நோய் உலகிலேயே முதன்முறையாக இனங்காணப்பட்டது. கண்டறிந்தவர்கள் இருவர். ஒருவர் ஆங்கிலேயர், ஆல்ஃபிரட் விட்மோர். மற்றவர் சி. எஸ். கிருஷ்ணசுவாமி. நோய்க்கு விட்மோரின் பெயர் வழங்கலாயிற்று. கிருஷ்ணசுவாமியின் பெயர் மருத்துவ வரலாறு படிப்பவர்களுக்கு மட்டுமே தெரிந்ததாக நின்றுவிட்டது. அந்நோயும் தமிழ்நாட்டில் நெடுங்காலம் பெயரில்லாமலே இருந்தது. இன்றும் அது வேறொரு நோயின் பெயரில் மருத்துவமனைக்குள் நுழைவதுண்டு. மெலியாய்டோசிஸ் என்னும் அந்நோயின் வரலாற்றையும், அதற்கான மருத்துவம் ஏன் மாதக்கணக்கில் நீள்கிறது என்பதையும் இக்கட்டுரையில் பார்ப்போம்.

ரங்கூன், 1911

விட்மோர் இந்திய மருத்துவப் பணியைச் சேர்ந்த கேப்டன். ரங்கூன் பொது மருத்துவமனையில் நோய்க்குறியியலாளர். கிருஷ்ணசுவாமி அவருடைய உதவியாளர். பிணக்கூறாய்வு அவர்களுடைய அன்றாட வேலை. 1911-இல் அவர்கள் கண்ட சில உடல்கள் வழக்கத்துக்கு மாறாக இருந்தன. நுரையீரல் கெட்டியாகி, பாலாடைக்கட்டி போன்ற பொருள் அதில் திட்டுத்திட்டாகப் படிந்திருந்தது. சாதாரண நிமோனியாவில் அப்படி இராது. காசநோய் என்று சொல்லவும் முடியவில்லை. காசநோய்க் கிருமி அங்கே இல்லை. ஈரலிலும் மண்ணீரலிலும் சிறுநீரகத்திலும் தோலுக்கடியிலும் சீழ்க்கட்டிகள் இருந்தன. இறந்தவர்களில் பலர் மார்ஃபியாவை ஊசியால் ஏற்றிக்கொள்ளும் பழக்கம் உடைய ஏழைகள்.

இத்தகைய கட்டிகளை உண்டாக்கும் நோய் ஒன்று அப்போது மருத்துவர்களுக்குத் தெரிந்திருந்தது. குதிரைகளுக்கு வரும் கிளாண்டர்ஸ் என்னும் நோய் அது. சில வேளைகளில் குதிரையைப் பராமரிப்பவருக்கும் தொற்றும். ஆனால் இறந்தவர்களுக்குக் குதிரையோடு எந்தத் தொடர்பும் இருக்கவில்லை. இருவரும் சீழை எடுத்து வளர்த்துப் பார்த்தனர். கிளாண்டர்ஸ் கிருமி அசையாது. இது நுண்ணோக்கியின் கீழ் நீந்திற்று. அது ஊட்டக்கூழில் மெல்ல வளரும். இது மளமளவென்று வளர்ந்தது. பரிசோதனை விலங்குகளில் ஏற்றிப் பார்த்தபோதும் வேறுபாடு தெரிந்தது. ஆகவே இது புதிய கிருமி, புதிய நோய் என்று முடிவுக்கு வந்தனர்.

இருவர் பெயரிலும் 1912-இல் 'இந்தியன் மெடிக்கல் கெசட்' இதழில் கட்டுரை வெளியாயிற்று. இதுவரை விவரிக்கப்படாத தொற்றுநோய் ஒன்று ரங்கூன் மக்களிடையே காணப்படுகிறது என்பது அதன் தலைப்பின் சாரம். அடுத்த ஆண்டு விட்மோர் தனித்து எழுதிய நீண்ட கட்டுரை இங்கிலாந்தின் சுகாதார ஆய்விதழில் வந்தது. அதற்குள் அவர்கள் கணக்கில் 38 நோயாளிகள் சேர்ந்திருந்தனர். உலகம் அதிகமாகப் படித்தது இந்த இரண்டாவது கட்டுரையைத்தான். அதனால் கிருமி 'விட்மோர் பாசில்லஸ்' ஆயிற்று. நோய் 'விட்மோர் நோய்' ஆயிற்று.

கிருஷ்ணசுவாமி ஆய்வைத் தொடர்ந்தார். 1917-இல் அதே கெசட்டில் அவர் மேலும் பல நோயாளிகளைப் பற்றி எழுதினார். மருத்துவமனையின் பிணக்கூறாய்வுகளில் ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து இந்த நோயால் நேர்ந்த சாவு என்பது அவர் கண்ட கணக்கு. ஒரு பெருநகரத்தின் பொது மருத்துவமனையில் இருபதில் ஒரு சாவு என்றால் அது அரிய நோய் அன்று. ஆனால் அவர் தலைப்பிலேயே நோயை மார்ஃபியா ஊசி போடுவோரின் நோய் என்று சுட்டியிருந்தார். ஊசி முனையில் ஒட்டியிருந்ததையும், ஊசிக்குள் ஏற்றிய தண்ணீரையும் கடந்து, அந்தத் தண்ணீர் எந்த மண்ணிலிருந்து வந்தது என்ற கேள்வி அப்போது எழவில்லை.

எலியும் மண்ணும்

1913-இல் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் பரிசோதனைக்காக வளர்த்த விலங்குகள் கூட்டமாக மடிந்தன. அங்கிருந்த ஸ்டாண்டன், ஃப்ளெட்சர் என்ற இரு மருத்துவர்கள், கொன்றது ரங்கூன் கிருமியே என்று பின்னர் உணர்ந்தனர். 'மெலியாய்டோசிஸ்' என்ற பெயரை 1921-இல் வைத்தவர்களும் அவர்களே. கழுதைகளுக்கு வரும் ஒரு நோயைக் குறிக்கும் பழைய கிரேக்கச் சொல்லோடு 'போன்றது' என்னும் பொருள்தரும் சொல்லைச் சேர்த்து அமைத்த பெயர் அது. நோய் பெயரளவிலும் 'இன்னொன்றைப் போன்றது' ஆயிற்று. 1927-இல் இலங்கையில் முதல் நோயாளி கண்டறியப்பட்டார். அவர் ஓர் ஐரோப்பியத் தேயிலைத் தரகர்.

எலிகளே இந்நோயைப் பரப்புகின்றன என்று ஸ்டாண்டனும் ஃப்ளெட்சரும் எண்ணினர். அந்தக் கருத்து ஒரு தலைமுறைக்கு மேல் நிலைத்தது. 1955-இல் வியட்நாமில் பணியாற்றிய சாம்போன் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் கிருமியை மண்ணிலிருந்தும் நீரிலிருந்தும் நேரடியாகப் பிரித்தெடுத்தார். எலி குற்றவாளிக் கூண்டிலிருந்து இறங்கியது. கிருமி மண்வாசி. மனிதனோ எலியோ ஆடோ அதற்கு அவசியமில்லை. ஈரமான மண்ணில், அதுவும் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே, அது தானாகவே வாழ்கிறது. கோடையில் ஆழத்தில் தங்கி, மழையில் நீர்மட்டம் உயரும்போது மேலே வருகிறது. நெற்பயிர் செய்யும் சேற்று நிலம் அதற்கு மிக உகந்த இடம். காலில் உள்ள வெடிப்பு, முள் குத்திய துளை, ஆறாத புண் ஆகியவற்றின் வழியாக அது உடலுள் நுழைகிறது. பெருங்காற்றோடு பெய்யும் மழையில் நுண்துளிகளாகப் பறந்து மூச்சு வழியாகவும், காய்ச்சாத நீர் வழியாகவும் உள்ளே போகிறது. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவது மிக மிக அரிது.

பெயர்கள் பல மாறி, 1992-இல் கிருமி 'பர்க்கோல்டேரியா சூடோமல்லி' என்று வகைப்படுத்தப்பட்டது. 'பொய் கிளாண்டர்ஸ் கிருமி' என்ற பொருள் இன்னமும் அந்தப் பெயருக்குள் இருக்கிறது.

எண்பது ஆண்டு மௌனம்

ரங்கூன் அன்று பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு பகுதி. அங்கே 1911-இல் கண்ட நோய், இன்றைய இந்திய எல்லைக்குள் ஒரு நோயாளியிடம் உறுதிசெய்யப்பட்டு ஆய்விதழில் வெளியானது 1991-இல். பம்பாயில் ஒரு குழந்தையிடம். இடையில் எண்பது ஆண்டுகள். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் வயல்வேலைக்கும் தோட்டவேலைக்கும் ஆட்களை அனுப்பிய தஞ்சையிலும் செங்கற்பட்டிலும் அதே நெல், அதே சேறு, அதே மழைக்காலம் இருந்தும் நோய் மட்டும் இல்லாதிருந்தது என்று நம்புவது கடினம்.

தமிழ்நாட்டில் இந்த மௌனத்தைக் கலைத்தது வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் துறை. ஜேசுதாசன், சாந்தகுமாரி, ஜேக்கப் ஜான் ஆகியோர் 1997-இல் எழுதிய கட்டுரை இந்தக் கிருமியை இந்தியாவில் 'தலையெடுக்கும்' நோய்க்கிருமி என்று அழைத்தது. பிறகு மணிப்பால், புதுச்சேரி ஜிப்மர் முதலிய இடங்களிலிருந்தும் நோயாளிகளின் விவரங்கள் தொடர்ந்து வந்தன. எங்கே ஆய்வகம் இக்கிருமியைத் தேடத் தொடங்கியதோ அங்கே அது கிடைத்தது. தலையெடுத்தது கிருமியா, அதைக் காணும் கண்ணா என்று கேட்கத் தோன்றுகிறது. 2016-இல் வெளியான ஒரு மதிப்பீடு, உலகில் ஆண்டுக்கு 1,65,000 பேருக்கு இந்நோய் வருகிறது, 89,000 பேர் இறக்கின்றனர், நோயாளிகளில் 44 விழுக்காட்டினர் தெற்காசியாவில் இருக்கின்றனர் என்று கணித்தது. கண்டறியப்பட்டு ஏட்டில் ஏறுபவர்களோ அதில் மிகச் சிறு பகுதி.

மௌனத்துக்கு ஒரு காரணத்தைத் தாம்பரத்தில் நின்று பார்த்தால் எளிதில் விளங்கும். தென்சென்னைப் புறநகர் ரயிலில் போகிறவர்களுக்கு 'தாம்பரம் சானடோரியம்' ஒரு நிலையத்தின் பெயர். அந்தப் பெயருக்குக் காரணமான காசநோய் மருத்துவமனையை 1928-இல் டாக்டர் டேவிட் சௌரிமுத்து பன்னிரண்டு படுக்கைகளோடு தொடங்கினார். 1937-இல் அரசு அதை ஏற்றது. இதே சௌரிமுத்து இங்கிலாந்தில் மெண்டிப் மலையில் காசநோய் நிலையம் நடத்தியவர். கணிதமேதை இராமானுஜன் 1917-இல் அங்கே அவருடைய பராமரிப்பில் இருந்தார். இராமானுஜனுக்கு வந்தது காசநோய் அன்று, ஈரலில் அமீபாவால் வந்த நோயாக இருக்கலாம் என்று 1994-இல் யங் என்ற மருத்துவர் பழைய குறிப்புகளை ஆராய்ந்து எழுதினார். அது முடிந்துவிட்ட வழக்கு அன்று. ஆனால் காய்ச்சல், இருமல், இளைப்பு என்ற மூன்றும் சேர்ந்தால் மனம் எந்தப் பெயருக்குத் தாவுகிறது என்பதை அது காட்டுகிறது. காசநோய் மலிந்த நாட்டில் மருத்துவர் முதலில் காசநோயை நினைப்பது சரியானதே. நூற்றில் பெரும்பான்மையோருக்கு அது உண்மையாகவும் இருக்கும். எஞ்சிய சிலரே நம் கதைக்கு உரியவர்கள்.

ஒரு நோயாளியைக் கற்பித்துக்கொள்வோம்

நோய் எப்படி நடக்கும் என்பதைச் சொல்ல ஒரு நோயாளியைக் கற்பித்துக்கொள்கிறேன். இவர் எந்தத் தனிமனிதரும் அல்லர். மருத்துவ ஏடுகளில் திரும்பத் திரும்ப வரும் செய்திகளைக் கோத்து அமைத்த உருவம்.

படப்பைக்குத் தெற்கே ஏரிப்பாசனத்தில் ஒன்றரை ஏக்கர் நெல் பயிரிடுபவர். வயது ஐம்பத்திரண்டு. பத்தாண்டுகளாகச் சர்க்கரை நோய். மாத்திரை உண்டு, கைக்கு வந்தபோது போடுவார். தாம்பரத்தைச் சுற்றி மண்ணிவாக்கம், முடிச்சூர், படப்பை என்று வீட்டுமனைகள் பெருகிய பிறகும், இடையிடையே ஏரியும் வயலும் எஞ்சியிருக்கும் நிலம் இது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது அவர் முழங்கால் சேற்றில் நிற்கிறார். குதிகாலில் வெடிப்பு. மாதம் திரும்புவதற்குள் காய்ச்சல் வருகிறது. தொற்றிய ஒன்று முதல் மூன்று வாரங்களுக்குள் நோய் தலைகாட்டுவதே வழக்கம்.

சர்க்கரை நோய் இங்கே தற்செயலான துணை அன்று. மெலியாய்டோசிஸ் நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டவர்கள் நீரிழிவு உள்ளவர்கள். இரத்தத்தில் சர்க்கரை கட்டுக்கடங்காதபோது வெள்ளணுக்கள் கிருமி இருக்கும் இடத்துக்கு விரைந்து செல்வதிலும், விழுங்குவதிலும், விழுங்கியதைக் கொல்வதிலும் பின்தங்குகின்றன. உடல்நலமுள்ளவர் அதே சேற்றில் அதே கிருமியைப் பெற்றாலும் பெரும்பாலும் நோயின்றித் தப்பிவிடுவார். நீண்டகாலக் குடிப்பழக்கமும் சிறுநீரகக் கோளாறும் இதைப்போன்றே வாசலைத் திறந்துவைப்பவை.

நம் விவசாயிக்கு இருமல் தொடங்குகிறது. உடல் இளைக்கிறது. மார்பு எக்ஸ்ரேயில் வலப்பக்க நுரையீரலின் மேற்பகுதியில் வெண்மையான படலமும் நடுவே ஒரு சிறு குழியும் தெரிகின்றன. காசநோய் விரும்பித் தங்கும் இடமும் அதுவே. சளியைச் சோதிக்கிறார்கள், காசநோய்க் கிருமி இல்லை. சளியில் தெரியாத காசநோயும் உண்டாகையால் மருந்து தொடங்கப்படுகிறது. மூன்று வாரமாகியும் காய்ச்சல் தணியவில்லை. தொடையில் வலியோடு ஒரு வீக்கம். மூச்சுத் திணறலோடு அவரைப் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுவருகிறார்கள்.

அங்கே மூன்று காரியங்கள் நடந்தால் அவர் பிழைக்க வாய்ப்புண்டு. முதலாவது, வயிற்றை ஸ்கேன் செய்வது. நுரையீரல் நோயாளியின் வயிற்றை ஏன் பார்க்க வேண்டும் என்று தோன்றலாம். ஆனால் ஈரலிலும் மண்ணீரலிலும் சிறு சிறு கட்டிகள், ஆண்களில் புராஸ்டேட் சுரப்பியில் ஒரு கட்டி என்று இந்நோய் வலியில்லாமல் ஒளிந்திருக்கும். நிமோனியாவோடு மண்ணீரலில் கட்டியும் சர்க்கரை நோயும் வயல்வேலையும் ஒரே ஆளிடம் சேர்ந்திருந்தால் அனுபவமுள்ள மருத்துவர் மெலியாய்டோசிஸை நினைத்துவிடுவார்.

இரண்டாவது, இரத்தம், சளி, சிறுநீர், தொடையில் இறக்கிய சீழ் ஆகிய எல்லாவற்றையும் வளர்ப்புச் சோதனைக்கு அனுப்புவது. ஒருமுறை இரத்தத்தில் வளரவில்லை என்பதால் நோய் இல்லை என்று சொல்லமுடியாது. எல்லா மாதிரிகளையும் சேர்த்து ஒருமுறை சோதித்தாலும் உண்மையான நோயாளிகளில் ஏறத்தாழ பத்துக்கு நால்வரை இச்சோதனை தவறவிடுகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஆகவே ஐயம் இருக்கும்வரை திரும்பத் திரும்ப அனுப்பவேண்டும்.

மூன்றாவது, ஆய்வகத்தில் உட்கார்ந்திருப்பவர் அதை அடையாளம் காண்பது. பலமுறை வழக்கு தோற்பது இங்கேதான். இரண்டு நாளில் கிருமி வளர்ந்துவிடும். ஆனால் 'ஏதோ ஒரு சூடோமோனாஸ்' என்றோ, வெளியிலிருந்து கலந்த அழுக்குக் கிருமி என்றோ எழுதி ஒதுக்கிவிடுவது எளிது. விலையுயர்ந்த கருவி இல்லாமலே ஐயப்பட வழியிருக்கிறது. நுண்ணோக்கியில் இரு முனையும் அடர்ந்து, நடு வெளிறி, ஊக்கைப் போலத் தெரியும். ஆக்சிடேஸ் சோதனையில் நிறம் மாறும். ஜென்டாமைசினுக்கும் பாலிமிக்சின் வகை மருந்துக்கும் அடங்காது. ஆனால் அமாக்சிசிலினும் கிளாவுலானிக் அமிலமும் சேர்ந்த மருந்துக்கு அடங்கும். இந்தக் கலவை வேறு கிருமிகளிடம் அரிது. நாட்கள் செல்லச் செல்ல அதன் திட்டுகள் சுருங்கி, உலர்ந்த பூவிதழ்போல் மடிப்பு விழும். இவ்வளவும் சேர்ந்தால் 'இது பர்க்கோல்டேரியாவாக இருக்கலாம், வயலில் வேலை செய்பவரா?' என்று ஆய்வகத்திலிருந்து வார்டுக்கு ஒரு தொலைபேசி போகவேண்டும்.

பாதியாகக் குறைந்த சாவு

மருந்தின் வரலாறு தாய்லாந்தின் வடகிழக்கில், உபோன் ரச்சதானி என்ற நெல்விளையும் மாநிலத்தில் எழுதப்பட்டது. 1980-களின் நடுப்பகுதி வரை அங்கே கடுமையான மெலியாய்டோசிஸுக்குக் குளோரம்ஃபெனிகால், டாக்சிசைக்ளின், கோ-ட்ரைமாக்சசோல் ஆகியவற்றைக் கூட்டாகக் கொடுத்தனர். நான்கில் மூவர் இறந்தனர். நிக்கோலஸ் வைட்டும் தாய்லாந்து மருத்துவர்களும் செஃப்டாசிடிம் என்ற ஊசி மருந்தை அந்தப் பழைய கூட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தனர். 1989-இல் லான்செட் இதழில் முடிவு வந்தது. சாவு 74 விழுக்காட்டிலிருந்து 37-ஆக, சரிபாதியாகக் குறைந்திருந்தது. இன்றும் முதற்கட்ட மருத்துவத்துக்கு இதுவே அடித்தளம். நோய் மிக முற்றியவர்களுக்கு மெரோபெனம்.

பென்சிலினோ, ஆம்பிசிலினோ, ஜென்டாமைசினோ, நிமோனியாவுக்கு வழக்கமாகப் போடும் பல செஃபலோஸ்போரின் ஊசிகளோ ஏன் போதாது? இக்கிருமி மண்ணில் பூஞ்சைகளோடும் பிற கிருமிகளோடும் போராடி வாழ்வது. நாம் மருந்தென்று வைத்திருப்பவற்றில் பல, மண்ணுயிர்கள் ஒன்றையொன்று கொல்ல உண்டாக்கிய நஞ்சுகளின் வழிவந்தவை. அவற்றைச் சிதைக்கும் நொதியும், உள்ளே புகுந்ததை வெளியே இறைத்துத் தள்ளும் ஏற்பாடும் இதற்குப் பிறவியிலேயே உண்டு. மருத்துவமனையைக் காணாத கிருமிக்கும் இந்த எதிர்ப்பு இருக்கிறது.

நம் விவசாயிக்கு இப்போது 54 கிலோ எடை. செஃப்டாசிடிம் இரண்டு கிராம், எட்டு மணிக்கு ஒருமுறை, இரத்தக்குழாய் வழியாக. கூடவே இன்சுலின். தொடைக்கட்டி கீறிச் சீழ் இறக்கப்படுகிறது. ஐந்து நாளாகியும் காய்ச்சல் அடிக்கிறது. உறவினர்கள் 'மருந்து வேலை செய்யவில்லை' என்கிறார்கள்; சில வேளைகளில் மருத்துவருக்கும் அப்படித் தோன்றும். இந்நோயில் சரியான மருந்து கொடுத்தும் காய்ச்சல் விட ஒன்பது நாள் அளவில் ஆவது இயல்பு. பெரிய கட்டிகள் இருந்தால் மாதம்கூட ஆகலாம். காய்ச்சல் மட்டுமே இருக்கிறது, மூச்சும் இரத்த அழுத்தமும் சீரடைகின்றன, இரத்தத்தில் கிருமி வளர்வது நின்றுவிட்டது என்றால் மருந்தை மாற்றாமல் காத்திருக்கவேண்டும். இவற்றுக்கு மாறாக ஒரு வாரம் கழித்தும் இரத்தத்தில் கிருமி வளர்ந்தால், எங்கோ வடிக்கப்படாத ஒரு கட்டி இருக்கிறதென்று தேடவேண்டும்.

ஊசி குறைந்தது பத்து முதல் பதினான்கு நாள். ஆழ்ந்த உறுப்பில் கட்டி இருந்தால் நான்கு வாரம், எலும்பைத் தொட்டிருந்தால் ஆறு, மூளையைத் தொட்டிருந்தால் எட்டு என்பது ஆஸ்திரேலியாவின் டார்வின் மருத்துவர்கள் வகுத்த கணக்கு. அதில் ஒரு நுட்பம் உண்டு. கட்டி இருப்பவருக்கு நாள் எண்ணத் தொடங்குவது முதல் ஊசியிலிருந்து அன்று. கடைசியாகச் சீழ் வடித்து, அதில் கிருமி வளர்ந்த நாளிலிருந்து. நம் விவசாயிக்கு மண்ணீரலிலும் கட்டிகள். நான்கு வாரத்துக்கு எண்பத்து நான்கு வேளை ஊசி.

மாதங்கள் ஏன்

ஊசி முடிந்து அவர் நடமாடுகிறார், பசிக்கிறது, காய்ச்சல் இல்லை. இனிமேல்தான் மூன்று மாத மாத்திரை தொடங்குகிறது. காசநோய்க்கு ஆறு மாத மருந்து என்பது நம் மக்களுக்குத் தெரியும். ஆனால் இரண்டுக்கும் காரணம் வேறு. காசநோய்க் கிருமி ஒருமுறை பிரிய ஒரு நாள் அளவில் எடுத்துக்கொள்ளும் சோம்பேறி. பிரியும்போது கொல்லும் மருந்துகள் அதற்காகக் காத்திருக்கவேண்டும். இதுவோ இரண்டு நாளில் தட்டு நிறைய வளரும் வேகமுடையது. வேகமாக வளர்வதை வேகமாகக் கொன்றுவிடலாமே?

கொல்லலாம், கைக்கு எட்டினால். இது உயிரணுக்களுக்குள்ளே குடிபுகும் கிருமி. தன்னை விழுங்கிய வெள்ளணுவின் சிறைப்பையை உடைத்துக்கொண்டு வெளிப்பட்டு, அந்த அணுவின் சொந்த இழைகளையே வாலாகத் திரட்டித் தன்னை உந்திக்கொண்டு போய்ப் பக்கத்து அணுவுக்குள் நுழைகிறது. அணுக்களை ஒன்றோடொன்று உருக்கி இணைத்தும் விடுகிறது. இவ்வாறு இரத்தத்துக்கு வெளியே வராமலே அது வீடுவிட்டு வீடு செல்ல முடியும். செஃப்டாசிடிம் இரத்தத்திலும் அணுக்களுக்கு வெளியிலும் வலிமை உடையது. உள்ளே போதிய அளவு புகுவதில்லை. கட்டிகளோ சுவர் எழுப்பிய அறைகள். நடுவில் இரத்தவோட்டம் இல்லை. மருந்தும் போய்ச் சேர்வதில்லை. அங்கே சில கிருமிகள் வளராமல் உறங்குகின்றன. உறங்குவதை மருந்து கொல்வது கடினம்.

எனவே மருத்துவம் இரண்டு கட்டமாயிற்று. முதற்கட்டம் நோயாளி இறக்காமல் காப்பது. இரண்டாம் கட்டம் ஒளிந்திருப்பதைத் துடைப்பது. இரண்டாவதற்கு அணுக்களுக்குள்ளும் கட்டிச் சுவருக்குள்ளும் ஊடுருவும் பழைய மருந்தான கோ-ட்ரைமாக்சசோல் பயன்படுகிறது. நம் விவசாயியின் எடைக்கு 'டபுள் ஸ்ட்ரெங்த்' மாத்திரை காலையில் ஒன்றரை, இரவில் ஒன்றரை. பன்னிரண்டு வாரத்துக்கு 252 மாத்திரை.

இந்த இரண்டாம் கட்டத்தின் நீளத்தையும் தாய்லாந்து நோயாளிகளே நமக்குக் கற்றுத் தந்தார்கள். அங்கே பிழைத்தவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு நோய் திரும்பி வந்தது. திரும்பிய கிருமியின் மரபணுவை முதல் கிருமியோடு ஒப்பிட்டபோது, நான்கில் மூன்று பங்கு அதே பழைய கிருமி. எஞ்சியது வயலிலிருந்து புதிதாகத் தொற்றியது. மாத்திரையை எட்டு வாரத்துக்குள் நிறுத்தியவர்களைவிடப் பன்னிரண்டு முதல் பதினாறு வாரம் சாப்பிட்டவர்களுக்கு நோய் திரும்புவது மிகமிகக் குறைவு என்பது 2006-இல் தெரியவந்தது. 2014-இல் இன்னோர் ஆய்வு, டாக்சிசைக்ளினைச் சேர்க்காமல் கோ-ட்ரைமாக்சசோல் ஒன்றே போதும் என்று காட்டிச் சுமையைக் குறைத்தது. பர்மா ரயில்பாதைக் காலத்தில் ஜப்பானியரிடம் போர்க்கைதியாக இருந்த ஓர் அமெரிக்கருக்கு அறுபத்திரண்டு ஆண்டு கழித்து இந்நோய் வெளிப்பட்டதாக 2005-இல் ஒரு குறிப்பு வந்தது. அவ்வளவு நீண்ட உறக்கம் மிக அரிது. ஆனாலும் கிருமி எவ்வளவு பொறுமையோடு இருக்கக்கூடும் என்பதற்கு அது எல்லைக்கல். அதே ரயில்பாதையில் மலேயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் எண்ணற்றோர் காய்ச்சலில் மாண்டார்கள். அவர்களுடைய காய்ச்சல்களை வளர்த்துப் பார்க்க யாரும் இருக்கவில்லை.

252 மாத்திரையும் எளிதாக உள்ளே போவதில்லை. தோலில் தடிப்பு வரலாம், இரத்த அணுக்கள் குறையலாம், பொட்டாசியம் ஏறலாம், சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்திருக்கும் சர்க்கரை நோயாளிக்கு அளவைக் குறைக்கவேண்டி வரலாம். ஆகவே இரத்தப் பரிசோதனை தொடக்கத்தில் வாரந்தோறும் தேவை. இதற்காக விவசாயி ஒரு நாள் வேலையை விட்டுப் பேருந்தேறித் தாம்பரமோ செங்கற்பட்டோ வரவேண்டும். உடம்பில் நோவில்லை, நடவோ அறுவடையோ காத்திருக்கிறது. ஐந்தாவது வாரத்தில் மாத்திரை நிற்பதற்கு அலட்சியம் ஒன்றே காரணம் என்று சொல்வது அநியாயம். மருந்துச்சீட்டில் 'மூன்று மாதம்' என்று எழுதியவர், ஏன் மூன்று மாதம் என்பதை அவருக்குப் புரியும் தமிழில் சொன்னாரா என்பதும் கேட்கவேண்டிய கேள்வி. 'கட்டி ஆறிவிட்டது, கிருமி உள்ளே தூங்குகிறது, நிறுத்தினால் எழுந்துகொள்ளும்' என்ற மூன்று வாக்கியம் போதும்.

தடுப்பூசி இன்றுவரை பயன்பாட்டுக்கு வரவில்லை. முழங்கால் பூட்ஸும் கையுறையும் அணியச் சொல்கிறார்கள். சேற்றில் நடவு நட்டவர்களுக்கு அந்த அறிவுரையின் அருமை தெரியும்! ஆயினும் காலில் புண்ணிருக்கும் சர்க்கரை நோயாளி மழைக்காலச் சேற்றில் இறங்காதிருப்பதும், வெடிப்பைக் கட்டி மூடுவதும், கரையேறியதும் நல்ல நீரில் கழுவுவதும், நீரைக் காய்ச்சிக் குடிப்பதும், எல்லாவற்றுக்கும் மேலாகச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதும் இயலக்கூடியவை.

டார்வினில் இன்று இந்நோய் கண்டவர்களில் பத்தில் ஒருவர் இறக்கிறார். வடகிழக்குத் தாய்லாந்தில் பத்தில் நால்வர். கிருமி ஒன்றே, மருந்தும் பெரும்பாலும் ஒன்றே. முதல் நாளே ஐயப்படுவதும், தீவிர சிகிச்சைப் பிரிவில் இடம் கிடைப்பதும் இடையிலுள்ள வேற்றுமை. நம் பகுதியில் அந்த ஐயத்தைத் தூண்ட மூன்று கேள்விகள் உதவும்: சர்க்கரை உண்டா, சேற்றில் வேலை செய்பவரா, காசநோய்க் கிருமி காணாமலே காசநோய் மருந்து சாப்பிட்டும் காய்ச்சல் தணியவில்லையா? மூன்றுக்கும் 'ஆம்' என்றால் இரத்தத்தையும் சீழையும் வளர்த்துப் பார்க்கவேண்டும். கிருஷ்ணசுவாமி 1911-இல் செய்ததும் அதுதான். அவர் பிணக்கூறாய்வு மேசையில் செய்ததை நாம் நோயாளி உயிரோடிருக்கும்போதே செய்ய முடியும்.